தொண்ணூற்று நான்காம் நாளின் நட்சத்திரம்

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் கிராணியாக இருந்தார். துறைமுகத்துக்கு வரும் கொள்கலன்களுக்குச் சுங்கப் படிவம் நிரப்புவது அவர் வேலை. ஐம்பத்தேழு வயதில் அவருக்கு லேசான பக்கவாதம் வந்தது. கையும் காலும் இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டன. வார்த்தைகள்தான் சரியாகவில்லை. உப்பைக் கேட்க வாயெடுத்துச் சாவி என்பார். சொன்னது தவறு என்று அந்தக் கணமே அவருக்குத் தெரிந்துவிடும். சரியான வார்த்தை எது என்பதுதான் தெரியாது. அப்போது அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. ஆனால் நான்தான் பார்ப்பேன், அத்தை வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், வார்த்தை விளையாட்டு ஏதாவது தினமும் விளையாடச் சொன்னார். நான் பங்சாரில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில் தங்கி, சனிக்கிழமைகளில் கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போவேன். அப்படிப் போன ஒரு சனிக்கிழமை, நான் விளையாடிக்கொண்டிருந்த ஐந்தெழுத்து விளையாட்டை அவர் கைபேசியிலும் போட்டுக்கொடுத்தேன்.

விளையாட்டு எளிது. ஒரு நாளைக்கு ஓர் ஆங்கில வார்த்தை, உலகத்தில் எல்லாருக்கும் அதே வார்த்தை. கண்டுபிடிக்க ஆறு முயற்சிகள். நாம் போட்ட எழுத்து சரியான இடத்தில் இருந்தால் அந்தக் கட்டம் பச்சையாகும். எழுத்து உண்டு, இடம் வேறு என்றால் மஞ்சள். எழுத்தே இல்லை என்றால் சாம்பல்.

அதில் ஹார்ட் மோட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால், கிடைத்த துப்பு எதையும் அடுத்த முயற்சியில் விட முடியாது. பச்சை எழுத்தை அதே இடத்தில் வைத்தாக வேண்டும், மஞ்சள் எழுத்து எங்காவது இருந்தாக வேண்டும். மறந்தால் விளையாட்டே செய்தி காட்டித் தடுத்துவிடும். மறதியைப் பற்றிய கவலை இருக்கும் ஒருவருக்கு இது நல்லது என்று நினைத்து நான்தான் அதைப் போட்டுவிட்டேன்.

மாமாவுக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். முதலாளி எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்லியிருந்தார். அத்தைதான் விடவில்லை.

"படிவத்துல ஒரு நம்பர் மாறினா கொள்கலன் போர்ட்டிலயே கெடக்கும்னு நீங்கதானே சொல்வீங்க? இப்ப நீங்களே மாத்திட்டு வந்தா?"

"அது எழுதுறது. இது பேசுறது. ரெண்டும் வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஒரு மாதம் இப்படியே போன பிறகு மாமா ஒரு கணக்குச் சொன்னார். ஹார்ட் மோடில், இடையில் ஒரு நாளும் தோற்காமல், நூறு நாள். தோற்றால் மறுபடி ஒன்றிலிருந்து. முடித்தால் அவர் வேலைக்குப் போவார். முடிக்கும்வரை வேலைப் பேச்சை எடுக்கமாட்டார். அத்தை சரி என்றார். முடியாது என்று நினைத்துத்தான் சரி என்றார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

எங்கள் மூவருக்கும் ஒரு வாட்சாப் குழு தொடங்கினேன். தினமும் விளையாடி முடித்ததும் வண்ணக் கட்டங்களை அதில் அனுப்ப வேண்டும். விளையாட்டு அனுப்பும் கட்டங்களில் எழுத்துகள் இருக்காது, நிறங்கள் மட்டும். மேலே எத்தனை முயற்சி என்ற எண் இருக்கும். ஹார்ட் மோடில் விளையாடியிருந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நட்சத்திரம் வரும். அத்தை விளையாடமாட்டார், அவர் நடுவர். "அத்தே, நட்சத்திரம் இருக்கான்னு மட்டும் பாருங்க. இருந்தா கணக்கு. இல்லன்னா இல்ல" என்று சொல்லிக்கொடுத்தேன். நிறங்களைப் படிக்கச் சொல்லித்தரவில்லை. தேவைப்படும் என்று தோன்றவில்லை.

மாமா ஒவ்வொரு நாளும் TRAIN என்றுதான் தொடங்குவார். ஏன் என்று கேட்டால், "நீ அதிலதானே வர்றே" என்பார். நல்ல தொடக்கம்தான், நான் மாற்றச் சொல்லவில்லை.

பதினோராம் நாள் தோற்றார். அன்றைய விடை IGHT என்று முடியும் வார்த்தை. LIGHT, MIGHT, FIGHT, SIGHT என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஆறு முயற்சியும் தீர்ந்துவிட்டது. நான் போனபோது அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேல் பேப்பரை வைத்திருந்தார்.

"நாலு எழுத்து தெரியும். ஒண்ணே ஒண்ணுதான் தெரியாது. அதுக்குப் போய் தோக்குறதா? இது என்ன விளையாட்டு லா!"

"அதுதான் மாமா பொறி. நாலு எழுத்து தெரிஞ்சதாலதான் தோத்தீங்க."

ஒரு தாள் எடுத்துக் குடும்பங்களை எழுதிக்கொடுத்தேன். IGHT குடும்பம். ATCH குடும்பம். OUND குடும்பம். முதல் எழுத்து மட்டும் மாறி மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும் வார்த்தைகள். பள்ளியில் தமிழ் வகுப்பில் எதுகை என்று படித்தோமே, கிட்டத்தட்ட அதுதான் என்றேன். பாட்டில் அழகாக இருப்பது இங்கே ஆளை விழுத்துகிறது. சாதாரண முறையில் விளையாடினால் தப்பிக்க வழி உண்டு. விடையாக இருக்கவே முடியாத ஒரு வார்த்தையைப் போட்டு, சந்தேகமான மூன்று நான்கு எழுத்துகளை ஒரே மூச்சில் சோதித்துவிடலாம். ஹார்ட் மோடில் அது முடியாது. பச்சையான நான்கு எழுத்தும் இடத்தைவிட்டு நகரக் கூடாது, மிச்சம் இருப்பது ஒரு கட்டம். ஒரு முயற்சிக்கு ஓர் எழுத்துதான் சோதிக்கலாம்.

"அப்ப என்னதான் பண்றது?"

"பச்சை ஆகுறதுக்கு முன்னாலேயே பண்ணணும். மஞ்சளா இருக்கும்போது எழுத்தை எங்க வேணாலும் வைக்கலாம். கை ஃப்ரீயா இருக்கும். TRAIN போட்டு T, A ரெண்டும் மஞ்சள் வந்துச்சுன்னு வைங்க. உடனே CATCH, MATCH-னு போகாதீங்க. METAL போடுங்க. T-யும் A-வும் இருக்கு, சட்டம் ஓகே. கூடவே M, L ரெண்டையும் பாத்துடலாம். MATCH-ஆ, LATCH-ஆன்னு ஒரே அடியில தெரிஞ்சிடும்."

"அவசரப்படக் கூடாதுங்கறே."

"ஆமா."

"அதைச் சொல்ல இவ்ளோ நேரமா?" என்றார் அத்தை, தோசை திருப்பிக்கொண்டே.

அன்று நான் இன்னொன்றும் சொன்னேன். ஹார்ட் மோடை ஆட்டத்தின் தொடக்கத்தில்தான் போட முடியும், ஆனால் நடுவில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம், இது சரியான வடிவமைப்பா என்று தெரியவில்லை என்றேன். வேலைப் பழக்கத்தில் வாயில் வந்தது. மாமா தலையாட்டினார். நினைவில் வைத்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. தினமும் காலை ஏழரைக்குள் கட்டங்கள் வந்துவிடும். அத்தை ஓர் எண்ணை மட்டும் பதிலாகப் போடுவார். 12. 13. 40. 41. எழுபதைத் தாண்டியபோது அத்தையே முதலாளியிடம் பேசியிருந்தார். நூறு முடிந்த அடுத்த திங்கட்கிழமை முதல் காலை வேளை மட்டும், மதியம் வீட்டுக்கு. மாமா இரண்டு கால்சட்டைகளைத் தையற்கடையில் கொடுத்து இடுப்பைச் சிறிதாக்கிக்கொண்டார்.

தொண்ணூற்று நான்காம் நாள் வியாழக்கிழமை. ஏழரைக்கு ஒன்றும் வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. நான் பங்சாரில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

மேலே 6/6, பிறகு ஒரு நட்சத்திரம். முதல் வரியில் இரண்டு மஞ்சள், முதல் கட்டத்திலும் மூன்றாவதிலும். இரண்டாவது வரியில் முதல் கட்டம் சாம்பல், மற்ற நான்கும் பச்சை. மூன்றாவதும் அப்படியே. நான்காவதும் அப்படியே. ஐந்தாவது வரி: நான்கு சாம்பல், கடைசியில் ஒரு மஞ்சள். ஆறாவது முழுப் பச்சை.

ஐந்தாவது வரி இருக்கவே முடியாது. நான்கு கட்டங்கள் பச்சையான பிறகு, ஹார்ட் மோடில் அவை கடைசிவரை பச்சையாகவே இருக்க வேண்டும். பிறகு நட்சத்திரத்தைப் பார்த்தேன். விளையாட்டே போடும் நட்சத்திரம் எண்ணை ஒட்டி வரும். இதில் ஓர் இடைவெளி இருந்தது. கையால் தட்டியது.

அன்றைய விடை LATCH. காலையில் நானும் விளையாடியிருந்தேன். அதனால் மாமா என்ன செய்தார் என்பதை வரிசையில் நின்றபடியே ஏறக்குறையக் கட்டமைக்க முடிந்தது. TRAIN. T, A மஞ்சள். METAL போட்டிருந்தால் மூன்றாவதிலேயே முடிந்திருக்கலாம். அவசரப்பட்டு CATCH மாதிரி ஏதோ போட்டிருக்கிறார், பிறகு அதே குடும்பத்தில் இன்னும் இரண்டு. அந்தக் குடும்பத்தில் மொத்தம் ஏழு பேர். மூன்று போனால் நான்கு. முயற்சி இரண்டு. பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்த இடத்தில் அமைப்புக்குள் போய் ஹார்ட் மோடை நிறுத்தியிருக்கிறார்.

அத்தையின் பதில் வந்தது. "94. இன்னும் ஆறு."

நான் எதுவும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமையும் எழுதவில்லை. சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பத்திகளாகப் போட்டுப் பார்த்தேன். சொன்னால் மாமாவின் வேலை போகும், அத்தையின் நம்பிக்கை போகும். சொல்லாவிட்டால் எதுவும் போகாது, நான் ஒருத்தி மட்டும் தெரிந்து வைத்திருப்பேன். பட்டியல் ஒரு பக்கமாகவே சாய்ந்தது, அதனாலேயே அதை நம்ப முடியவில்லை.

சனிக்கிழமை கிள்ளானில் இறங்கி வீட்டுக்குப் போனபோது மாமா முடிவெட்டப் போயிருந்தார். அத்தை சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"நீ படிச்ச பொண்ணு. ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லு. இந்த நூறு நாள் ஆட்டம் எல்லாம் சரியாத்தானே நடக்குது? எனக்கு அந்தக் கட்டம் ஒண்ணும் புரியல. நட்சத்திரத்தைப் பாத்து நம்பர் போடறேன், அவ்ளோதான். நீ சரின்னு சொன்னா நான் விட்டுடறேன்."

"ஏன் கேக்கறீங்க?"

"வியாழக்கிழமை காலைல சாப்பிடவே இல்ல. பேனாவும் பேப்பருமா உக்காந்திருந்தாரு. அப்புறம் ஆட்டம் முடிஞ்சதுன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. ஜெயிச்சவரு மூஞ்சியா அது?"

"மாமா வரட்டும். அவர்கிட்ட ஒண்ணு கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். அத்தை வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார்.

மாமா புதிதாக வெட்டிய முடியோடு வந்தார். நான் அவரோடு வாசல் கேட் பக்கம் போய் நின்றேன். தாமான் தெருவில் ஐஸ்கிரீம் மோட்டார்சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"அஞ்சாவது வரி என்ன வார்த்தை மாமா?"

அவர் பதில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். வார்த்தை வராததாலா, வேறு காரணத்தாலா என்று அவர் விஷயத்தில் எப்போதும் உடனே சொல்லிவிட முடியாது.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"பாத்த உடனே."

"எனக்குத் தெரியும், நீ பாப்பேன்னு. ரெண்டு நாளா உன் போனுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. "H, L, P, W. இந்த நாலும்தான் மிச்சம். ரெண்டு சான்ஸ். அப்பத்தான் அதை நிறுத்தினேன்."

தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே அந்த நான்கு எழுத்துகள். கீழே மூன்று பத்திகளில் வார்த்தைகள், பலதும் அடித்திருந்தன. PLOW, நான்கெழுத்து என்று அடித்திருந்தது. WHEEL, பக்கத்தில் P இல்லை என்று. HELP, அதுவும் நான்கெழுத்து. இடையில் வார்த்தையே இல்லாத சில கோர்வைகள். கடைசியில் PROWL, சுற்றி ஒரு வட்டம். அதன் கீழே சிறிய எழுத்தில் நான்கு வரிகள்: P பச்சை என்றால் PATCH. W மஞ்சள் என்றால் WATCH. L மஞ்சள் என்றால் LATCH. எதுவும் இல்லை என்றால் HATCH.

நான் வேலையில் எழுதும் சோதனைத் திட்டமும் இப்படித்தான் இருக்கும். எந்த விடை வந்தாலும் அடுத்து என்ன என்று முன்பே எழுதி வைப்பது. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் எழுதியவற்றில் நான் பார்த்த மிகத் தெளிவான பக்கம் அது. இதற்காக அவர் நாலு மணி நேரம் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"இது நல்லா இருக்கு மாமா" என்றேன். "ஆனா நட்சத்திரம்?"

"அதான்."

"அத்தை என்கிட்ட கேட்டாங்க. நான் பொய் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிட்டா நல்லது."

"சொன்னா திரும்ப ஒண்ணுலேருந்து. அதுக்குள்ள அங்க வேற ஆள் போட்டுடுவாங்க."

"போட்டுடலாம்."

அவர் கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு உள்ளே போனார். நான் பின்னால் போனேன்.

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து வைத்துவிட்டு, "தொண்ணூத்தி நாலாவது நாள் நான் ஏமாத்தினேன்" என்றார். அந்த வாக்கியத்தில் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. பிறகு நடந்ததைச் சொன்னார். இரண்டு இடத்தில் நின்றார். நான் எடுத்துக்கொடுக்கவில்லை.

அத்தை தாளைப் பார்க்கவில்லை. "நட்சத்திரத்தை நீங்களே போட்டீங்க."

"ஆமா."

"படிவத்துலயும் ஒரு நாள் தெரியாம போகும். அப்ப என்ன போடுவீங்க? அங்கயும் ஒரு நட்சத்திரமா?"

மாமா தாளை அத்தை பக்கம் நகர்த்தினார். அத்தை எவ்வளவு நாளாக எதற்குப் பயந்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் வார்த்தைகளைத் தொலைப்பார் என்பதற்கு இல்லை. தொலைத்ததை மறைப்பார் என்பதற்கு.

"அந்த ஹார்ட் மோடை நிறுத்தினதுக்கு அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று அத்தை என்னிடம் கேட்பது போல் அவரிடம் கேட்டார். தாளை இப்போதுதான் இழுத்தார். நான் விளக்கினேன். நான்கு எழுத்தையும் ஒரே வார்த்தையில் எப்படிப் பிரித்தார், எந்த விடை வந்தாலும் ஆறாவதில் நிச்சயம் எப்படி. அதுவரை அந்த விளையாட்டைப் பற்றி அத்தை இவ்வளவு நேரம் கேட்டதில்லை.

"அப்ப சாதாரணமா விளையாடுறது தப்பில்ல?"

"இல்ல. நட்சத்திரம் வராது, அவ்ளோதான்."

அத்தை எழுந்து போய் சோற்றுப் பானையை இறக்கினார். அங்கிருந்தே தீர்ப்புச் சொன்னார். நூறு நாள் வேண்டாம். இன்றிலிருந்து முப்பது. நட்சத்திரம் வந்தாலும் கணக்கு, வராவிட்டாலும் கணக்கு, தோற்றாலும் கணக்கு. பொய் நட்சத்திரம் ஒன்று வந்தால் முடிந்தது. "இவ பாத்து சொல்லுவா. நான் இனிமே நட்சத்திரத்தைப் பாக்கப்போறதில்ல."

"முதலாளிகிட்ட?" என்றார் மாமா.

"நான் பேசிக்கறேன். வேற ஆள் போட்டா போடட்டும்."

முதல் சில நாள் மாமா நட்சத்திரம் இல்லாமலே அனுப்பினார். பிறகு மறுபடி ஹார்ட் மோடுக்குத் திரும்பினார். யாரும் சொல்லவில்லை. அத்தை பழையபடி எண் போட்டார். நான் தினமும் நிறங்களைப் பார்த்தேன், ஒவ்வொரு பச்சையும் தன் இடத்தில் இருந்தது.

இருபத்தாறாம் நாள் ஏழரைக்கு வந்தது. X/6, அதாவது தோல்வி; எண்ணை ஒட்டி நட்சத்திரம். முதல் வரியில் கடைசிக் கட்டம் மஞ்சள். இரண்டாவதில் ஒரு பச்சை, ஒரு மஞ்சள். அடுத்த நான்கு வரிகளும் முதல் கட்டம் சாம்பல், மற்றவை பச்சை. விடை HOUND. இந்த முறை அவர் அவசரப்படவில்லை. TRAIN-க்குப் பிறகு MONEY போட்டு M-ஐ முதலிலேயே கழித்ததாகப் பிறகு சொன்னார். அதற்கும்மேல் அந்தக் குடும்பம் பெரியது. BOUND, SOUND, FOUND, POUND. கடைசியில் எனக்கும் H, W இரண்டுதான் மிச்சம் இருந்தன. நான் H போட்டேன், சரியாக இருந்தது. அதில் என் திறமை எதுவும் இல்லை.

குழுவில் மாமா கீழே எழுதியிருந்தார்: "நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல."

நான் எல்ஆர்டி ரயிலில் ஏறி, இறங்கி, அலுவலகக் கதவைத் தொட்டபோது கைபேசி அதிர்ந்தது. அத்தையின் பதிலில் எண் இல்லை.

"முதலாளி கேட்டாரு. நாளைக்கே வருவாருன்னு சொல்லிட்டேன். மீதி ஆட்டத்தை ஆபிஸ் போயிட்டு வந்து விளையாடுங்க."